14-ஆம் கணக்கு: எனக்கு k = 1/10 வருகிறது, விடைப்பக்கத்தில் 1/6 இருக்கிறது

கோபி_அம்மிணி · இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கமுங்க. பி.எஸ்சி. முதல் வருடம், புள்ளியியல் துணைப்பாடம். சீனியர் அக்கா ஒருவர் கொடுத்த வினாத்தொகுப்பில் இருக்கும் கணக்கு இது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை யாரோ போனில் ஸ்கேன் செய்து, அது குரூப் குரூப்பாகச் சுற்றி என்னிடம் வந்திருக்கிறது. படம் இங்கே ஏறவில்லை, அதனால் என் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே தட்டுகிறேன்.

```
f(x) = kx          0 ≤ x < 2
     = k(6 − x)    2 ≤ x ≤ 6
     = 0           மற்ற இடங்களில்
```

k, சராசரி, இடைநிலை அளவு மூன்றும் கேட்டிருக்கிறார்கள். நான் தொகையிட்டதில் முதல் துண்டு 2k, இரண்டாவது 8k, மொத்தம் 10k. அப்போது k = 1/10. மூன்று முறை போட்டாயிற்று, மாறவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்து விடையில் k = 1/6, சராசரி 8/3 என்று இருக்கிறது. இடைநிலை அளவு ஓரத்தில் வெட்டுப்பட்டு √6 மாதிரி ஏதோ தெரிகிறது. திங்கட்கிழமை டெஸ்ட். நான் எங்கே தப்பு செய்தேன்?

ஆழியாறு · இரவு 8.52

தொகையிட்டது சரிதான். விடைப்பக்கம் தப்பு. இந்த மாதிரித் தொகுப்புகளில் பாதி விடை தப்பாகத்தான் இருக்கும், விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போ.

தறிச்சத்தம் · இரவு 9.05

விடைப்பக்கம் தப்பில்லை, கேள்வியைப் படித்ததில்தான் தப்பு. x = 2 போட்டுப் பாருங்கள். முதல் துண்டு 2k கொடுக்கிறது, இரண்டாவது 4k கொடுக்கிறது. நடுவில் ஒரு குதி. அடர்த்திச் சார்பு அப்படிக் குதிக்கக் கூடாது, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது துண்டு k(6 − x)/2 ஆகத்தான் இருக்க முடியும். அப்போது இரண்டும் 2k, பொருந்திவிட்டது. சோமனூரில் உட்கார்ந்துகொண்டு, தறி ஓடும் சத்தத்துக்கு நடுவில், ஸ்கேனைப் பார்க்காமலே சொல்கிறேன்.

கோபி_அம்மிணி · இரவு 9.11

அண்ணா, இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். (6 − x)-க்கு அடியில் மெலிசாக ஒரு கோடு இருக்கிறது! ஜெராக்ஸ் மெஷின் போட்ட கறை என்று விட்டுவிட்டேன். கோட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது. 2 இருந்திருக்குமோ?

பழைய_கரும்பலகை · இரவு 9.48

பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை, தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம் தம்பி சொன்ன முடிவு சரி, காரணம் தப்பு. அடர்த்திச் சார்பு குதிக்கலாம். அதற்கு இரண்டே நிபந்தனைகள்தான்: எங்கும் எதிர்மறை ஆகக் கூடாது, மொத்தப் பரப்பு 1 ஆக வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியது குவிவுப் பரவல் சார்பு F(x). பரப்பைச் சேர்த்துக்கொண்டே போவதால், அடர்த்தியில் குதி இருந்தாலும் F-இல் குதி வராது, அந்த இடத்தில் ஒரு முனை மட்டும் தெரியும். 0-க்கும் 1-க்கும் நடுவில் சீரான பரவலை எல்லோரும் முதல் வாரமே படிக்கிறோம். அதன் அடர்த்தி 0-இலிருந்து 1-க்கு நேராகக் குதிக்கிறது, யாரும் குறை சொன்னதில்லை.

ஆகவே அம்மிணி, நீ முதலில் படித்த k(6 − x) என்பதும் முறையான அடர்த்திதான். k = 1/10 என்று போட்டதும் அந்தக் கணக்குக்குச் சரியான விடைதான். ஸ்கேன் கணக்குகளில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டாலும் k வந்து நிற்கும், பரப்பு 1 ஆகும். மொத்தப் பரப்பை 1 ஆக்கத்தானே k-யையே கண்டுபிடிக்கிறோம்? அதனால் ‘பரப்பு 1 வருகிறதா’ என்று மறுபடி பார்ப்பது உன் கூட்டல் கழித்தலைத்தான் சோதிக்கும். நீ வாசித்தது சரியா என்று அதற்குத் தெரியாது.

வாசிப்பைச் சோதிக்க வேறு சாட்சி வேண்டும். இங்கே விடைப்பக்கம் இரண்டு சாட்சி தருகிறது. k = 1/6 என்றால் மொத்தப் பரப்பு 6k. முதல் துண்டு 2k என்பதில் உனக்குச் சந்தேகம் இல்லை. அப்போது இரண்டாவது துண்டு 4k ஆக வேண்டும். உனக்கு வந்தது 8k, சரியாக இரண்டு மடங்கு. கோட்டுக்குக் கீழே 2 இருந்தால் 4k ஆகிவிடும். இது ஒரு சாட்சி. சராசரி 8/3 வருகிறதா என்பது இன்னொன்று. அதையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நீயே போடு.

தறிச்சத்தம் · இரவு 9.57

சரிங்க ஐயா, F-ஐயும் f-ஐயும் குழப்பிவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்வேன். பாடப்புத்தகக் கணக்கு எழுதுகிறவர் கையில் இருந்தால் இரண்டு துண்டும் நடுவில் ஒட்டுகிற மாதிரித்தான் எழுதுவார். சட்டம் இல்லை என்றாலும் வழக்கம் அதுதானே?

பழைய_கரும்பலகை · இரவு 10.02

பெரும்பாலும் அப்படித்தான். ஊகிக்க உதவும், நிரூபிக்க உதவாது. ஒட்டாத துண்டுகளை வேண்டுமென்றே வைத்து நானே கேள்வித்தாள் எழுதியிருக்கிறேன்.

கோபி_அம்மிணி · இரவு 10.30

k(6 − x)/2 என்று வைத்துப் போட்டேன். k = 1/6 வந்துவிட்டது. இரண்டாவது துண்டு (6 − x)/12 ஆகிறது.

சராசரிக்கு ஒரு குறுக்குவழி யோசித்தேன். வரைந்து பார்த்தால் இரண்டும் முக்கோணம். முக்கோணத்தின் சராசரி, உயரமான பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் என்று பள்ளியிலேயே படித்தோம். முதல் துண்டில் அது 4/3. இரண்டாவது துண்டில் 2 + 4/3 = 10/3. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7/3. விடைப்பக்கம் 8/3 சொல்கிறது. மறுபடி தப்பா?

ஆழியாறு · இரவு 10.34

நான்தான் சொன்னேனே, விடைப்பக்கத்தை நம்பாதே.

பழைய_கரும்பலகை · இரவு 10.51

ஆழியாறு தம்பி, கொஞ்சம் பொறு. அம்மிணி போட்டதில் முக்கால்வாசி நல்ல வேலை. 4/3 சரி, 10/3 சரி. கடைசியில் இரண்டால் வகுத்ததுதான் தப்பு.

தராசில் இந்தப் பக்கம் ஒரு கிலோ, அந்தப் பக்கம் இரண்டு கிலோ வைத்தால், முள்ளை நடுவில் பிடித்து நிறுத்த முடியுமா? முதல் துண்டின் பரப்பு 2k, அதாவது 1/3. இரண்டாவதின் பரப்பு 4k, அதாவது 2/3. அந்த எடையோடு சேர்த்துப் பார்:

```
(1/3)(4/3) + (2/3)(10/3) = 4/9 + 20/9 = 24/9 = 8/3
```

பரீட்சையில் இப்படி எழுதினால் சிலர் மதிப்பெண் தரமாட்டார்கள் என்பதால் நேர்வழியையும் போட்டு வை. முதல் துண்டில் x·(x/6)-ஐ 0 முதல் 2 வரை தொகையிட்டால் 4/9 வரும். இரண்டாவதில் x(6 − x)/12-ஐ 2 முதல் 6 வரை தொகையிட்டால் 20/9 வரும். மேலே வந்த அதே இரண்டு எண்கள்தான். எடையைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை, k அந்த வேலையை உள்ளேயே செய்துவிடுகிறது.

இரண்டாவது சாட்சியும் ஒத்துவிட்டது. நீ முதலில் படித்த மாதிரி /2 இல்லாமல் இருந்திருந்தால் சராசரி 44/15, கிட்டத்தட்ட 2.93 ஆகியிருக்கும். k-யும் சராசரியும் சேர்ந்து பொருந்துவதால், அந்த வெள்ளை இடத்தில் 2 இருந்தது என்று நான் ஒத்துக்கொள்கிறேன்.

மஞ்சமூட்டை · இரவு 11.05

ஏனுங்க, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கோணும். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முக்கோணம் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். ஏலம் முடிந்ததும் குறைந்த விலை, அதிக விலை, அதிக மூட்டை எந்த விலைக்குப் போனது, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்போம். குவிண்டாலுக்குக் குறைந்தது 8,000, அதிகம் 14,000, அதிக மூட்டை போனது 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் சும்மா சொல்கிறேன், இன்றைய விலை இல்லை. இந்த மூன்றை வைத்துச் சராசரி விலையைக் கண்டுபிடிக்க முடியுமா? முதலாளி கேட்டால் நான் குறைந்ததையும் அதிகத்தையும் கூட்டிப் பாதியாக்கி 11,000 என்று சொல்லிவிடுகிறேன்.

தறிச்சத்தம் · இரவு 11.12

அண்ணா, நீங்கள் சும்மா சொன்ன எண் இந்தக் கணக்கேதான்! 8,000-ஐக் கழித்து ஆயிரத்தால் வகுத்தால் 0, 2, 6. முக்கோணப் பரவலில் சராசரி என்பது மூன்று முனைகளையும் கூட்டி மூன்றால் வகுப்பது: (0 + 2 + 6)/3 = 8/3. உங்கள் கணக்கில் (8,000 + 10,000 + 14,000)/3, அதாவது சுமார் 10,667. இனி முதலாளியிடம் 10,667 என்று சொல்லுங்கள்.

மஞ்சமூட்டை · இரவு 11.20

சொல்லலாம்தானுங்க, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. விரலி மஞ்சளில் ஒரே ஒரு லாட் ரொம்ப நல்லதாக வந்து 17,000-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். உங்கள் கணக்குப்படி (8 + 10 + 17)/3, சராசரி 11,667 ஆகிவிடும். ஒரு லாட்டுக்காக மொத்தச் சந்தையின் சராசரியும் ஆயிரம் ரூபாய் ஏறுமா? அன்றைக்கு மற்ற அத்தனை மூட்டையும் பழைய விலைக்குத்தானே போயிருக்கும்?

பழைய_கரும்பலகை · இரவு 11.41

மண்டிக்காரர் பிடித்துவிட்டார். மூன்று எண்ணை வைத்து முக்கோணம் வரைவது நாமாகச் செய்யும் ஊகம். அம்மிணியின் கணக்கில் அடர்த்தியையே கொடுத்துவிட்டார்கள், அதனால் 8/3 என்பது முடிந்த விஷயம். உங்கள் மண்டியில் அடர்த்தியை யாரும் கொடுக்கவில்லை, நுனி மட்டும் தெரிகிறது. அந்த நுனியை ஒரே ஒரு லாட் இழுத்துவிடுகிறது. முக்கோணமோ நுனி வரைக்கும் நேர்கோட்டில் மூட்டைகள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் ஒவ்வொரு லாட்டின் எடையும் விலையும் நோட்டில் இருக்கும்போது, அதைப் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுப்பதை விட்டுவிட்டு முக்கோணத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

மஞ்சமூட்டை · இரவு 11.46

நோட்டு முழுக்கக் கூட்ட நேரமில்லாமல்தானே கேட்டேன்! சரிங்க, விரலியும் கிழங்கும் வேறே ஒரே நோட்டில் கலந்து கிடக்கிறது. முதலில் அதைப் பிரிக்கிறேன்.

ஆழியாறு · காலை 6.15

எழுந்ததும் போட்டுப் பார்த்தேன். k விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடைநிலை அளவு √6 என்பது சரியாகத்தான் வருகிறது. பரப்பு பாதியாகும் இடம்தானே?

```
m²/12 = 1/2
m² = 6
m = √6 ≈ 2.449
```

முகடு 2, சராசரி 2.667, இடைநிலை அளவு இரண்டுக்கும் நடுவில் 2.449. வலப்பக்கம் வால் நீண்ட பரவலில் இந்த வரிசையில்தான் வரும் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். விடைப்பக்கத்திலும் √6. முடிந்தது.

கோபி_அம்மிணி · காலை 6.40

எனக்கும் √6 தான் வந்தது, விடையோடு ஒத்துப்போனதால் டிக் அடித்துவிட்டேன். சரிதானே ஐயா?

பழைய_கரும்பலகை · காலை 7.30

காலை நடையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே குழியில் விழுந்து கிடக்கிறீர்கள்.

m²/12 எங்கிருந்து வந்தது? x/6-ஐ 0 முதல் m வரை தொகையிட்டு வந்தது. அந்த x/6 எதுவரை செல்லும்? 2 வரைதான். உங்கள் விடை 2.449, அதாவது 2-ஐத் தாண்டிய இடம். அங்கே x/6 என்ற அடர்த்தியே கிடையாது, கோடு கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. ஏறிக்கொண்டே போவதாக நினைத்து இரண்டுக்குப் பிறகும் பரப்பைக் கூட்டியிருக்கிறீர்கள். அதனால் பாதி என்பது உண்மையில் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

இடைநிலை அளவுக்கு முதல் வேலை, அது எந்தத் துண்டில் விழுகிறது என்று பார்ப்பது. F(2) = 1/3. பாதியை எட்டவில்லை. ஆகவே இரண்டாவது துண்டுக்குள் போக வேண்டும். 1/3-ஓடு 2 முதல் m வரையுள்ள பரப்பைச் சேர்த்தாலும் சரி, சுலபமாக வேண்டுமென்றால் வலப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரி. m-க்கு வலப்பக்கம் மிஞ்சுவது ஒரு சின்ன முக்கோணம், அதன் பரப்பு பாதியாக வேண்டும்:

```
(6 − m)²/24 = 1/2
(6 − m)² = 12
m = 6 − 2√3 ≈ 2.536
```

6 + 2√3 என்று இன்னொரு மூலமும் வரும். அது 9.46, எல்லைக்கு வெளியே கிடக்கிறது, தள்ளிவிடு.

ஆழியாறு தம்பி சொன்ன வரிசைச் சோதனையைக் கவனியுங்கள். 2.449-உம் அதில் தேறுகிறது, 2.536-உம் தேறுகிறது. ஆக, அந்தச் சோதனை இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது இரண்டு. ஒன்று, வந்த m அந்தத் துண்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, சரியான F-இல் போட்டுப் பார்ப்பது. F(√6) = 1 − (6 − 2.449)²/24, அது சுமார் 0.475. பாதிக்குக் குறைவு.

தறிச்சத்தம் · காலை 8.10

நம்பாதவர்களுக்காகச் சின்னதாக ஒரு நிரல். பட்டை பட்டையாக வெட்டிப் பரப்பைக் கூட்டிக்கொண்டே போய், பாதி ஆனதும் நிற்கும்.

```python
h = 0.00001
s = 0
i = 0
while s < 0.5:
    x = (i + 0.5) * h
    f = x/6 if x < 2 else (6 - x)/12
    s += f * h
    i += 1
print(x)
```

2.5359 என்று நிற்கிறது. √6 பக்கத்தில் நிற்கவே இல்லை.

ஆழியாறு · காலை 8.25

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்போது விடைப்பக்கம் தப்பு என்று நேற்று 8.52-க்கு நான் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டதே!

கோபி_அம்மிணி · காலை 8.33

அதுதான் எனக்கும் சந்தேகம். மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். √ குறி நன்றாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் எண்ணின் இடப்பக்கம் மசியாக இருக்கிறது, 6 என்றும் சொல்லலாம், 3 என்றும் சொல்லலாம். √-க்கு முன்னால் தாள் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘6 − 2√3’ என்று இருந்து, முன்பாதி போய்விட்டு √3 மட்டும் மிஞ்சியிருக்குமோ?

தறிச்சத்தம் · காலை 8.40

அப்படித்தான் இருக்கும். k-யும் சராசரியும் சரியாகப் போட்டவர் இதில் மட்டும் சறுக்கமாட்டார்.

பழைய_கரும்பலகை · காலை 9.02

சறுக்குவார் தம்பி. k-யும் சராசரியும் இரண்டு துண்டையும் தொட்டே ஆக வேண்டிய வேலை, அதில் மறக்க வழியில்லை. இடைநிலை அளவில்தான் முதல் துண்டோடு நின்றுவிடலாம், அழகான ஒரு விடையும் கிடைத்துவிடும். இரண்டில் எது என்று இந்த ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. டெஸ்டில் 6 − 2√3 எழுது. F(2) = 1/3 என்ற வரியை அதற்கு மேலே மறக்காமல் எழுது, திருத்துகிறவர் கையிலும் இதே விடைப்பக்கம் இருக்கக்கூடும்.

கோபி_அம்மிணி · காலை 9.10

சரிங்க ஐயா. சீனியர் அக்கா சத்தியில் இருக்கிறார், முதல் ஜெராக்ஸ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன். 17-ஆம் கணக்கிலும் இதே மாதிரி அடியில் ஒரு கோடு இருக்கிறது. அது கறையா, பின்னமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.